ஓய்வூதியக் கணக்கும் இணையக் கடையும்: விர்ச்சுவல் கார்டு, ஓடிபி பற்றி ஒரு திறந்த மடல்

ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்தே இணையத்தில் பொருள் வாங்கும் பெரியவர்களுக்கு,

விர்ச்சுவல் கார்டு என்பது கையில் பிடிக்க முடியாத வங்கிக் கார்டு. பிளாஸ்டிக் அட்டை கிடையாது. ஏடிஎம்மில் செருக முடியாது. ஆனால் இணையக் கடை கேட்கும் மூன்று விவரங்களும் அதில் உண்டு: 16 இலக்க எண், காலாவதி மாதமும் ஆண்டும், மூன்று இலக்க சிவிவி. பணம் எடுக்கப்படுவது வழக்கமான சேமிப்புக் கணக்கிலிருந்துதான். கடைக்குத் தெரியும் எண் மட்டும் வேறு. அந்த எண்ணின் வழியாக அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதைக் கார்டை உருவாக்குபவரே முன்கூட்டித் தீர்மானிக்கிறார்.

ஓய்வூதியக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு கூடுதலாகப் பயன்படுவதற்குக் காரணம் உண்டு. மாத ஓய்வூதியம், பணிக்கொடையில் மிச்சம் வைத்தது, முதிர்ந்த வைப்பு நிதி என எல்லாம் பெரும்பாலும் ஒரே கணக்கில் கிடக்கின்றன. அதே கணக்கின் டெபிட் கார்டு எண்ணைத்தான் மிக்ஸி ஜார் விற்கும் கடையிலும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த எண் தவறான கைக்குப் போனால், வங்கி அந்தக் கார்டுக்கு வைத்திருக்கும் அன்றாட உச்சவரம்பு வரை ஆபத்துக்கு உட்படுகிறது. விர்ச்சுவல் கார்டு அந்த ஆபத்தை வாங்கும் பொருளின் விலைக்குச் சுருக்கிவிடுகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை ஒரே ஒரு முறைக்கானது. ஒரு தொகைக்கு உருவாக்கி, ஒரு கடையில் செலுத்தியதும் அந்த எண் செத்துவிடும். பாரத ஸ்டேட் வங்கி நெட்பேங்கிங்கில் வழங்கிய விர்ச்சுவல் கார்டு இந்த வகைக்கு நல்ல உதாரணம். குறைந்தது 100 ரூபாய்க்கும் அதிகபட்சம் 50,000 ரூபாய்க்கும் அதை உருவாக்க முடிந்தது. 48 மணி நேரம் அல்லது பரிவர்த்தனை முடியும்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை அது செல்லுபடியானது. இரண்டாம் வகை நிலையானது. வங்கிச் செயலியில் எப்போதும் இருக்கும். வேண்டும்போது ‘ஆன்’ செய்து, வரம்பை மாற்றி, வேலை முடிந்ததும் ‘ஆஃப்’ செய்துவிடலாம். எப்போதாவது பொருள் வாங்குபவருக்கு முதல் வகை பொருந்தும். மாதம் பலமுறை வாங்குபவருக்கு இரண்டாம் வகை.

உருவாக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கணக்கில் 3,40,000 ரூபாய் இருக்கிறது. அவர் வாங்க நினைக்கும் மிக்ஸி ஜாரின் விலை 1,180 ரூபாய். இங்கே முதலில் செய்ய வேண்டிய வேலை வங்கியில் இல்லை, கடையில் இருக்கிறது. பொருளைக் கூடையில் போட்டு, முகவரி கொடுத்து, பணம் செலுத்தும் பக்கம் வரை போய், இறுதித் தொகையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அனுப்பும் கட்டணம் 60 ரூபாய் சேர்ந்து அங்கே 1,240 என்று வருகிறது. பொருளின் விலையை மட்டும் பார்த்து 1,180 ரூபாய்க்குக் கார்டு உருவாக்கியிருந்தால் வங்கி அந்தப் பரிவர்த்தனையை மறுத்திருக்கும். விர்ச்சுவல் கார்டில் பணம் போகவில்லை என்று வரும் புகார்களில் இது மிகச் சாதாரணமான காரணம்.

தொகை தெரிந்த பிறகு வங்கியின் செயலியிலோ நெட்பேங்கிங்கிலோ நுழைந்து, கார்டுகள் என்ற பகுதியில் விர்ச்சுவல் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, எத்தனை நாள் என்று அது கேட்கும். ஆசிரியை 1,300 என்று போடுகிறார். விதிமுறைகளை ஏற்றதும் பதிவு செய்த கைபேசிக்கு ஓர் ஓடிபி வருகிறது. அதை வங்கியின் பக்கத்திலேயே இட்டால் திரையில் ஒரு கார்டின் படம் தோன்றும். எண், காலாவதி, சிவிவி எல்லாம் அதில் இருக்கும். முதல் வகைக் கார்டில் அந்த நிமிடமே கணக்கிலிருந்து பணம் போய்விடுவதில்லை. 1,300 ரூபாய் தனியாக நிறுத்திவைக்கப்படுகிறது. மொத்த இருப்பு 3,40,000 என்றே காட்டும். எடுக்கக்கூடிய இருப்பு மட்டும் 3,38,700 என்று குறையும். பணம் செலுத்திய பின் 1,240 கழிக்கப்பட்டு, மிச்சம் 60 விடுவிக்கப்படும். கார்டைப் பயன்படுத்தாமலே விட்டால், காலம் முடிந்ததும் 1,300 முழுதும் பழையபடி கைக்கு வரும்.

இனி கடையின் பக்கத்துக்குத் திரும்பி, கார்டு வழியாகச் செலுத்துவது என்பதைத் தேர்ந்து, புது எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். ‘இந்தக் கார்டைச் சேமித்துவைக்கவா?’ என்று ஒரு சிறு பெட்டி டிக் செய்யப்பட்டே இருக்கக்கூடும். ஒருமுறைக் கார்டைச் சேமிப்பதில் பொருளில்லை, டிக்கை எடுத்துவிடலாம். சேமித்தாலும் 2022 அக்டோபர் 1 முதல் இந்தியக் கடைகள் முழுக் கார்டு எண்ணை வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. எண்ணுக்குப் பதிலாக, அந்தக் கடைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு டோக்கனைத்தான் அவை வைத்துக்கொள்ள முடியும்.

எண்ணை இட்டுப் பொத்தானை அழுத்தியதும் கடையின் பக்கம் மறைந்து வங்கியின் பக்கம் ஒன்று திறக்கிறது. இங்கேதான் இரண்டாவது ஓடிபி கேட்கப்படுகிறது. நேரில் இல்லாமல் கார்டு எண்ணை மட்டும் கொடுத்துச் செய்யும் பரிவர்த்தனைக்கு, கார்டில் அச்சிடப்படாத கூடுதல் சான்று ஒன்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கார்டைப் படம் எடுத்தவருக்கும் எண்ணைத் திருடியவருக்கும் கைபேசி கிடைக்காது என்பதே இதன் அடிப்படை. 2025 செப்டம்பரில் வெளியான, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய விதிகள், குறுஞ்செய்தி ஓடிபியைத் தவிர வேறு முறைகளையும் ஊக்குவிக்கின்றன. அதனால் சில வங்கிகள் செயலிக்குள்ளேயே ஒப்புதல் கேட்கலாம். வடிவம் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தொகையை, இந்தக் கடைக்கு, இந்தக் கார்டிலிருந்து அனுப்பச் சம்மதமா?

ஓடிபியைப் பற்றிப் புரிந்துகொள்ள வேண்டிய மையமான செய்தி இதுவே. அது கார்டைத் திறக்கும் பொதுச் சாவி இல்லை; ஒரு குறிப்பிட்ட பரிவர்த்தனைக்கு மட்டும் போடும் கையெழுத்து. 1,240 ரூபாய்க்கு வந்த ஓடிபியால் வேறு கடையில் வேறு தொகையைச் செலுத்த முடியாது. சில நிமிடங்களில் அது காலாவதியாகிவிடும். ‘மறுபடி அனுப்பு’ என்பதை அழுத்தினால் பழைய எண் பெரும்பாலும் செல்லாது. கடைசியாக வந்ததையே இட வேண்டும். வலையமைப்பு மந்தமாக இருக்கும்போது மூன்று செய்திகள் ஒன்றாக வந்து சேரும். அப்போது முதலில் கண்ணில் பட்டதை இட்டு, தவறு என்று வந்து, மீண்டும் இட்டுக் கார்டே தற்காலிகமாக முடங்குவது உண்டு. ஒருமுறை அழுத்தி ஒரு நிமிடம் காத்திருப்பதே நல்லது.

கையெழுத்து என்பதால், எண்ணுக்கு முன்னால் செய்தியைப் படிக்க வேண்டும். ஆறு இலக்க எண் பளிச்சென்று முதலில் நிற்கும். பலர் அதை மட்டும் பார்த்து விடுகிறார்கள். அதைச் சுற்றியுள்ள சொற்களில் நான்கு விவரங்களைத் தேட வேண்டும். முதலாவது தொகை: INR என்ற எழுத்துகளை அடுத்து வரும் எண், திரையில் கண்ட 1,240 தானா? இரண்டாவது கடையின் பெயர். இது சில வேளை பழக்கமான பெயராக இராது; கடையை நடத்தும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரோ, பணம் வாங்கித் தரும் இடைநிலை நிறுவனத்தின் பெயரோ வரலாம். பெயர் மட்டும் புதிதாக இருந்தால், வங்கிப் பக்கத்தில் காட்டும் பெயரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். மூன்றாவது கார்டின் கடைசி நான்கு இலக்கம்: அது சற்று முன் உருவாக்கிய விர்ச்சுவல் கார்டுடையதா, பர்ஸில் இருக்கும் டெபிட் கார்டுடையதா? நான்காவது நோக்கம். பொருள் வாங்கவா, கார்டு உருவாக்கவா, வரம்பை உயர்த்தவா, புதிய கைபேசியில் வங்கிச் செயலியைப் பதிவு செய்யவா என்பது அந்தச் செய்தியில் இருக்கும்.

நான்காவது விவரத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மோசடிக்காரர்களுக்கு அதுதான் வசதி. அதே ஆசிரியைக்கு மறுநாள் ஓர் அழைப்பு வருகிறது. ‘நீங்கள் வாங்கிய ஜார் கிடங்கில் உடைந்துவிட்டது, 1,240 ரூபாயைத் திருப்பி அனுப்புகிறோம், இப்போது வரும் எண்ணைச் சொல்லுங்கள்’ என்கிறது குரல். ஓர் ஓடிபியும் உடனே வருகிறது. செய்தியைப் படித்தால் அதில் தொகை 24,999. கடைசி நான்கு இலக்கமோ பழைய டெபிட் கார்டுடையது. அல்லது தொகையே இல்லாமல், வங்கிச் செயலியை வேறொரு கைபேசியில் பதிவு செய்வதற்கானது என்று இருக்கும். பணத்தைத் திருப்பி அனுப்பும் கடைக்கு வாடிக்கையாளரின் ஓடிபி தேவையே இல்லை. கணக்கிலிருந்து வெளியே போகும் பணத்துக்கும், கணக்கின் அமைப்பை மாற்றுவதற்கும்தான் ஓடிபி. உள்ளே வரும் பணத்துக்கு ஒருபோதும் கிடையாது. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் அந்த அழைப்பை அங்கேயே துண்டித்துவிடலாம்.

ஓடிபியைச் சொல்லாமலேயே இழக்கும் வழிகளும் உண்டு. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும், .apk என்று முடியும் கோப்பைத் திறந்து நிறுவினால், குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை அது பெற்றுக்கொள்ளும். பிறகு வரும் ஓடிபிகள் மோசடிக்காரருக்கும் போகும். திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்லி ஓடிபியைக் கண்ணால் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. காரணமில்லாமல் கைபேசியில் நெடுநேரம் சிக்னல் இல்லாமல் போனால், அதே எண்ணுக்கு வேறு யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம். இந்த நிலைகளில் ஓடிபி காவலாக நிற்பதில்லை. அப்போது மிஞ்சும் காவல் வரம்பு ஒன்றே. அந்தக் கார்டு 1,300 ரூபாய்க்கு மட்டும் உருவாக்கியது என்றால், சரியான ஓடிபி கையில் இருந்தாலும் 24,999 ரூபாய்க்கு வங்கி ஒப்புதல் தராது.

வரம்பு மட்டுமே காக்கும் இன்னோர் இடமும் உண்டு. இந்தியாவின் கூடுதல் சான்று விதி வெளிநாட்டுக் கடைகளை இதுவரை கட்டுப்படுத்தியதில்லை. பல வெளிநாட்டு இணையதளங்களில் கார்டு எண், காலாவதி, சிவிவி மூன்றும் இருந்தாலே பணம் போய்விடும். ஓடிபி வரவே வராது. ‘ஓடிபி இல்லாமல் எப்படிப் போயிற்று?’ என்று வங்கிக் கிளையில் கேட்கப்படும் கேள்விக்குப் பெரும்பாலும் இதுவே விடை. ஆகவே விர்ச்சுவல் கார்டானாலும் சாதாரணக் கார்டானாலும் வெளிநாட்டுப் பயன்பாடு என்ற பொத்தான் அணைந்திருக்க வேண்டும்.

மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்களிலும் ஓடிபி ஒவ்வொரு முறையும் வருவதில்லை. முதல் முறை மட்டும் அது கேட்கப்படும். அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான தவணைகள் ஓடிபி இல்லாமலே கழியும். கழிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி அறிவிக்க வேண்டும் என்பது கட்டாயம். ‘முதல் மாதம் ஒரு ரூபாய்’ என்று அழைக்கும் சேவைக்கு டெபிட் கார்டைக் கொடுத்தால், இரண்டாம் மாதம் முழுக் கட்டணம் ஓடிபி கேட்காமலே போகும். ஒருமுறைக் கார்டைப் பெரும்பாலான சந்தாச் சேவைகள் ஏற்பதில்லை. சந்தா வேண்டும் என்றால் நிலையான விர்ச்சுவல் கார்டு ஒன்றில் மாதக் கட்டணத்தை ஒட்டி வரம்பு வைக்கலாம். நிறுத்த நினைத்தால் வங்கியின் செயலியில் அந்த ஒப்புதலையே ரத்து செய்யலாம்.

விர்ச்சுவல் கார்டு எட்டாத இடம் எது என்பதும் தெரிய வேண்டும். அதன் வரம்பு அந்த ஓர் எண்ணை மட்டுமே கட்டுப்படுத்தும். அதே கணக்கிலிருந்து யுபிஐ வழியாகவும் நெட்பேங்கிங் வழியாகவும் போகும் பணத்தை அது தடுக்காது. யுபிஐ ரகசிய எண்ணைச் சொல்லிவிட்டவருக்கு 1,300 ரூபாய் வரம்பு எந்தப் பாதுகாப்பும் தராது. பழைய டெபிட் கார்டில் இணையப் பயன்பாடு திறந்தே கிடந்தால் அந்த வாசலும் அப்படியே இருக்கும். விர்ச்சுவல் கார்டை உருவாக்கிய கையோடு பழைய கார்டின் இணையப் பயன்பாட்டை அணைத்தால்தான் ஏற்பாடு முழுமை பெறும்.

எல்லா வங்கிகளும் விர்ச்சுவல் கார்டு தருவதில்லை. தராத வங்கியிலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்க வழி இருக்கிறது. 2020 ஜனவரி 15 தேதியிட்ட ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, ஏடிஎம், கடை இயந்திரம், இணையம், வெளிநாடு என ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியே திறக்கவும் மூடவும், ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைக்கவும் கார்டுதாரருக்கு வங்கி வசதி செய்து தர வேண்டும். நாள் முழுதும் எந்நேரமும் அந்த வசதி கிடைக்க வேண்டும். ஆசிரியையின் வங்கி இந்த வகையானது என்றால், டெபிட் கார்டின் இணைய வரம்பை 1,300 ஆக்கி, பொத்தானைத் திறந்து, ஜாரை வாங்கி, மீண்டும் மூடிவிடலாம். இதில் உள்ள குறை, உண்மையான கார்டு எண் கடைக்குத் தெரிகிறது என்பதும், மூட மறந்துவிடலாம் என்பதும்தான்.

நேர்மையான பரிவர்த்தனையிலும் சிக்கல் வரும். ஓடிபி இட்ட பின் பக்கம் சுழன்றுகொண்டே நின்றுவிட்டால், முதலில் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். உடனே மறுபடி செலுத்தக் கூடாது. பணம் கழிந்து, கடையில் ஆர்டர் பதிவாகவில்லை என்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பொருளைத் திருப்பி அனுப்பும்போது எழும் சந்தேகம் வேறு: எண்ணே செத்துவிட்டதே, பணம் எங்கே வரும்? கடை அதே எண்ணுக்குத்தான் திருப்பி அனுப்பும். வழங்கிய வங்கி அந்த எண்ணின் பின்னாலுள்ள கணக்கில் பணத்தைச் சேர்க்கும். தாமதமானால் கேட்பதற்கு வசதியாக, கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் தேதியையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது போதும். முழு எண்ணையும் சிவிவியையும் எழுதக் கூடாது.

சம்மதமில்லாமல் பணம் போய்விட்டால் நாட்கணக்கு முக்கியமாகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, தவறு வாடிக்கையாளரிடமும் இல்லை, வங்கியிடமும் இல்லை என்ற நிலையில், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் ஓர் உச்சத் தொகை வரை அவர் தாங்க வேண்டும். ஓடிபியைத் தாமே சொன்னவரின் நிலை வேறு: வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுதும் அவருடையது, தெரிவித்த பின் நடப்பது வங்கியுடையது. எனவே ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு வீட்டில் மறைப்பது இழப்பைப் பெருக்கவே செய்யும்.

ஓய்வூதியர்கள் செய்ய வேண்டியவை சிலவே. டெபிட் கார்டின் இணைய, வெளிநாட்டுப் பயன்பாடுகளை இன்றே அணைத்துவைக்கட்டும். பொருள் வாங்கும் அன்று, இறுதித் தொகையைப் பார்த்த பிறகு, அதற்குச் சற்றே கூடுதலான வரம்பில் விர்ச்சுவல் கார்டை உருவாக்கட்டும். ஓடிபி வந்தால் எண்ணுக்கு முன் தொகையையும் நோக்கத்தையும் படிக்கட்டும். பணம் தவறாகப் போனால் வங்கியின் உதவி எண்ணுக்கும், 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உடனடியாக அழைத்து, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்யட்டும்.